வாழ்த்தப் போன இடத்தில் வயது

ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டால் மதுரையில் நல்ல மனிதர்கள்கூடச் சந்துக்குள் திரும்பிவிடுகிற காலம் அது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு. எனக்கு அதில் கோபமே இல்லை. "நீங்கள் செத்துப்போனால்" என்று பேச்சைத் தொடங்குகிறவனை யார்தான் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டுவிட்டு நானாகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வாத்தியார் வேலையில் பிள்ளைகள் நம்மைப் பார்த்து ஓடுவார்கள். இதில் பெரியவர்கள் ஓடினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் மதராசில் இருந்தது. மாதம் ஒருமுறை அங்கிருந்து இங்கிலீஷில் ஒரு சுற்றறிக்கை வரும். எப்படிக் கதவைத் தட்டுவது, எப்படிச் சிரிப்பது, மறுக்கிறவரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் அதில் இருக்கும். எழுதியவர் வெயிலில் ஒருநாளாவது சைக்கிள் மிதித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஆனாலும் அந்த வருஷம் கார்த்திகை மாதம் வந்த சுற்றறிக்கையை நான் நாலு தடவை படித்தேன். அதோடு கூடவே இன்னொரு கடிதமும் வந்திருந்தது. வருஷ முடிவுக்குள் உருப்படியாக ஒரு பாலிசியாவது பிடிக்காவிட்டால் என் ஏஜென்சியை ரத்து செய்ய நேரும் என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். பாதியில் நின்றுபோன பேச்சை மறுபடி தொடங்க வேண்டுமானால், "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று போய் நிற்காதே. அவருக்கு ஏதாவது நல்லது நடக்கும்வரை காத்திரு. பதவி உயர்வு, புது வீடு, மகனுக்குப் பரீட்சையில் தேர்ச்சி, எதுவானாலும் சரி. அப்போது போய் வாழ்த்து. வாழ்த்து பொதுவாக இருக்கக்கூடாது; அவருடைய உயர்வில் தனிப்பட்டுச் சொல்லக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்து அதைச் சொல். பாலிசியைப் பற்றி வாயைத் திறக்காதே. படிவத்தை எடுத்துக்கொண்டு போகவே போகாதே. அவரே பேச்சை எடுப்பார்.

எனக்கு நின்றுபோன பேச்சுகள் ஊர் முழுக்க இருந்தன. அவற்றில் பெரியது தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் இருந்த மேல்நிலை குமாஸ்தாவுடையது. மேற்கே வாய்க்கால் பாசனத்து ஊர்க்காரர். விவசாயக் குடும்பத்தில் படித்து மேலே வந்த முதல் ஆள். குழந்தை கிடையாது. மனைவி மட்டும்தான். ஊரில் இருந்த நிலத்தைப் பங்காளிகள் உழுதுகொண்டிருந்தார்கள். அவருக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு அதில் ஒரு படி நெல்கூட வராது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இவரைவிடப் பாலிசி தேவைப்பட்டவர் ஜில்லாவிலேயே இருக்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் படிவத்தை எழுதவே உட்கார்ந்துவிட்டோம். பெயர், தொழில், வயது நாற்பத்தைந்து என்று மளமளவென்று போயிற்று. அடுத்த பக்கத்தில் குடும்ப விவரம். தாயார் இருக்கிறாரா, தகப்பனார் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வருஷம், என்ன நோயில் இறந்தார் என்று கேள்விகள். "காலரா" என்றார். வருஷம் கேட்டேன். என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கீழே வைத்தார். "கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். அதன் பிறகு நான் போகும்போதெல்லாம், தை பிறக்கட்டும், சம்பளம் ஏறட்டும், கிரகம் சரியில்லை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. தவணைத் தொகைக்குத்தான் பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இல்லாத பயத்துக்கு எட்டு மாதம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்த வாரம், கோர்ட்டுப் பக்கத்துக் காப்பிக் கிளப்பில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார், நம் தல்லாகுளத்துக்காரர் ஹெட் கிளார்க் ஆகிவிட்டார் என்று. அதுவும் தனக்கு மேலே இருந்த ஒருவரைத் தாண்டி. எனக்கு இட்லி இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். பூக்கடையில் ஒரு மாலை, இரண்டு எலுமிச்சம்பழம். பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போவது இந்த ஊரில் வழக்கமில்லை. சுற்றறிக்கை சொன்னபடி பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். படிவத்தை மட்டும் நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். மதராஸ்காரன் சொன்னதில் முக்கால்வாசியைக் கேட்டாயிற்று, போதும் என்று நினைத்தேன்.

வைகைப் பாலத்தின் மேல் சைக்கிளை மிதித்துக்கொண்டே வாழ்த்தை ஒத்திகை பார்த்தேன். தனிப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டுமே. அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? அவர் வாயாலேயே சொல்லி நான் என் கையாலேயே எழுதிய வயது. அதையே பிடித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டிகள் நிற்கும், கூடத்தில் நிற்க இடம் இருக்காது என்று நினைத்துத்தான் சீக்கிரமே போனேன். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் பேப்பர். ஆறேழு நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தன. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை என்று பார்த்தாலே தெரிந்தது. ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு அடுக்கி வைத்திருந்தது. யாரும் ஒரு வெற்றிலை எடுத்திருக்கவில்லை.

மாலையைப் போட்டேன். பழத்தைக் கையில் கொடுத்தேன். அவருடைய மனைவி நிலைப்படிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"நாப்பத்தஞ்சு வயசுலயே ஹெட் கிளார்க்குன்னா சும்மாவாண்ணே. அவனவன் பென்ஷன் வாங்கப் போற வயசுல எட்டிப் பிடிக்கிற நாற்காலி. உங்களுக்கு இன்னும் முழுசாப் பத்து வருஷம் கெடக்கு. இந்தச் சின்ன வயசுல இப்படி ஒரு பதவி இந்த ஆபீசுல யாருக்குக் கெடச்சிருக்கு?"

நன்றாகத்தான் சொன்னேன். ஒத்திகையைவிட நன்றாகவே வந்தது. ஆனால் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே, "வயசு என்ன தம்பி வயசு, அதை விடுங்க" என்றார். மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டார்கள். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு, நான் வயதையே இன்னும் இரண்டு தடவை புகழ்ந்தேன். அடுப்பில் கை வைத்தவன் சூடு என்று எடுப்பான். நான் இன்னொரு கையையும் வைத்தேன்.

காப்பி வந்தது. குடித்தேன். பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றறிக்கைப்படி எழுந்துகொள்ள வேண்டிய நேரம் வந்தது. "அப்ப நான் வாரேண்ணே" என்று எழுந்தேன்.

"அந்தப் பேப்பரு கொண்டாரலையா?" என்றார் அவர்.

மதராஸ்காரன் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. ஆனாலும் உடனே உள்பைக்குள் கையை விடவில்லை. "அதுக்கு வரலண்ணே. உங்களை வாழ்த்திட்டுப் போகலாம்னுதான்" என்றேன். கோட்டுக்குள் படிவம் மடிப்பு விரிந்து விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

அவர் சுவரோர நாற்காலிகளைக் கையால் காட்டினார். "தம்பி, வெள்ளிக்கிழமை சாயந்தரம் உத்தரவு வந்துச்சு. ஆபீசுல இருபத்திரெண்டு பேரு. ஒருத்தன் வாயத் தொறக்கல. இன்னிக்கு வருவாகன்னு இவ நாற்காலியெல்லாம் எரவல் வாங்கிப் போட்டிருக்கா. நேத்து ராத்திரியே கேசரி கிண்டி வச்சிட்டா. வந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் வாழ்த்த மட்டும் வந்தேன்னு சொன்னா, அதை நம்புற நெலமையிலதான் நான் இருக்கேன். நெசத்தைச் சொல்லுங்க."

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து கேசரியும் வந்தது.

தின்றுகொண்டிருக்கும்போது அவரே சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாய்மாமன் ஐந்து வருஷத்தைக் குறைத்து எழுதிவிட்டார். படித்து உத்தியோகத்துக்குப் போனால் ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஐந்து வருஷச் சம்பளம் வீணாகப் போகுமே என்று, பையனுக்கு எழுத்தே தெரியாத காலத்தில் பென்ஷன் வரைக்கும் கணக்குப் போட்டவர் அந்த மாமன்.

"எங்க அய்யா காலராவுல போன வருஷம் ஊருக்கே தெரியும். சர்வீஸ் புஸ்தகப்படி பாத்தா, அவரு செத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நான் பொறந்திருக்கேன். அதை எப்படித் தம்பி ஒங்க படிவத்துல எழுதுறது?"

எட்டு மாதம் நின்றுபோனது இந்த இடத்தில்தான். நானோ தவணையை மாதாமாதம் கட்டலாம், காலாண்டுக்கு ஒருமுறை கட்டலாம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் இருந்தது. அவர் தாண்டிப் போன மனிதர் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அந்த மனிதரை வீட்டில் உண்மையான வயதையே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு ஐம்பது. ஆபீசுக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரை இரண்டு சர்வீஸ் புஸ்தகத்தையும் பார்த்திருக்கிறார். ஒருவருக்கு மீதி ஐந்து வருஷம், இன்னொருவருக்குப் பத்து. பத்து உள்ளவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நான் மாலை போட்டுப் புகழ்ந்தேனே, அந்தச் சின்ன வயதுக்காகத்தான் பதவியே வந்தது. இல்லாத அந்த ஐந்து வருஷத்தைப் பொறுக்கி எடுத்து மூன்று தடவை பாராட்டிவிட்டேன். இப்படி ஒரு கெட்டிக்காரனைக் கம்பெனி ரத்து செய்யப் பார்த்தது நியாயம்தான்.

"இப்ப அவன் என்கூடப் பேசுறதில்ல. மேசைக்கு மேசை ரெண்டு முழந்தான் தூரம். ஒரு மொட்டைக் கடுதாசி போட்டான்னா எம்புட்டு நேரம் ஆகும்? அந்த நெனப்புலயே ரெண்டு ராத்திரியாத் தூக்கமில்ல. இதுல ஒங்க கம்பெனிக்கு வேற நெசமான வயச எழுதிக் குடுக்கச் சொல்றீக."

"கம்பெனிக் காகிதம் வெளிய போகாதுண்ணே. எல்லாம் ரகசியம்."

"மதராசு ஆபீசுல ஹெட் கிளார்க்கு இருக்காரா?"

"இருக்காரு."

"அப்பறம் என்ன ரகசியம்?" என்றார். ஹெட் கிளார்க் பதவி ஏறி முழுசாக மூன்று நாள்கூட ஆகாத மனிதர் சொன்னது அது.

எனக்கு வருஷ முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் புத்தி கோணலாகத்தான் போயிற்று. ஒவ்வொரு படிவத்தோடும் ஏஜெண்டு தனியாக ஒரு ரகசிய அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். சொன்ன வயதுக்குமேல் தோற்றம் இருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அவருக்குத் தலைகூட அதிகம் நரைக்கவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்றே வயதுக்கு அத்தாட்சியாகப் போதும்.

"நாப்பத்தஞ்சுன்னே இருக்கட்டுமேண்ணே. நான் இன்னிக்கு எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்லல. அய்யா செத்த வருஷம் தெரியாதுன்னு போட்டுட்டாப் போச்சு."

அவர் இருபத்தைந்து வருஷமாகக் காகிதத்தையே பார்த்த மனிதர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"எனக்குப் பெறகு இவ போயிக் கேட்டா குடுத்துருவாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேசரி தின்ற வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. "ஊர்ல விசாரிச்சாங்கன்னா தகராறு வரும்ணே. தொகையக் கொறைப்பாங்க. வேணும்னே பொய் சொன்னதுன்னு பட்டா, இல்லைன்னும் சொல்லலாம்" என்றேன்.

அவர் படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் ஏஜென்சியும் முடிந்தது என்று நானும் எழுந்தேன்.

அப்போது நிலைப்படியிலிருந்து அந்த அம்மாள் கேட்டார்கள். அதுவரை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நெசமான வயச எழுதுனா?"

"எழுதினா ஒரு தகராறும் வராது மதினி. தவணை கொஞ்சம் கூடும். மொதல்லயே வயச ஒத்துக்கிட்டதா பாலிசியிலயே முத்திரை போட்டுருவாங்க. அப்பறம் யாரும் கேள்வி கேக்க முடியாது."

"அப்ப அதையே எழுதச் சொல்லுங்க."

அவர் திரும்பினார். "வெவரம் தெரியாமப் பேசாத. வெளிய தெரிஞ்சா வேல போயிரும்."

"வேல போனா நீங்க இருப்பீகள்ல" என்றார்கள் அந்த அம்மாள். "நீங்க போனா எனக்கு யாரு இருக்கா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கேசரித் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்கள். நாற்பத்தேழு கிராமத்துக்குச் சைக்கிளில் போய் நான் சொல்லிப் பார்த்த அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. கம்பெனி அந்த அம்மாளை ஏஜெண்டாகப் போட்டிருக்கலாம்.

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஜாதகத்தை எடுத்து வந்தார். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுத மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் வயது ஐம்பது என்று எழுதினேன். டாக்டர் பரிசோதனையில் நெஞ்சும் நுரையீரலும் சுத்தமாக இருந்தன. வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போது எல்லாம் மதராசுக்குப் போயிற்று. என் ஏஜென்சி பிழைத்தது. பாலிசி வந்தபோது வயது ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற முத்திரையை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை வீட்டில் வைக்காமல், ஆபீஸ்காரன் எவன் கண்ணிலும் படாதபடி, மாமியார் வீட்டு அரிசிக் குதிருக்குள் கொண்டுபோய் வைத்தார்.

அதன் பிறகு மூன்று வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தார். மூன்று வருஷமும் தபால்காரனைக் கண்டு பயந்துகொண்டே இருந்தார். மதராசுக்காரர்களிடம் அல்ல, இரண்டு முழத் தூரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பெஞ்சுக்காரரிடம்தான் பயம். என்னைத் தெருவில் பார்த்தால், "ஒண்ணும் வரலையே தம்பி?" என்று கேட்பார். "வரலண்ணே" என்பேன். மூன்றாம் வருஷக் கடைசியில், ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல். எட்டு நாள்தான்.

துக்கம் கேட்கப் போனேன். படிவம் எதையும் கொண்டுபோகவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே. பதவி வந்தபோது வராத இருபத்திரண்டு பேரும் சாவுக்கு வந்திருந்தார்கள். வாசலில் நின்று, நாற்பத்தெட்டு சாகிற வயசா, இன்னும் ஏழு வருஷச் சர்வீஸ் இருந்ததே என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருவர் மட்டும் கூட்டத்தில் சேராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெஞ்சுக்காரர். நானாக அவரிடம் போகவில்லை. அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான அந்த இன்ஷூரன்சு தம்பி?"

"ஆமாங்க."

"அந்தப் பொம்பளைக்குப் பணம் ஒழுங்கா வந்துரும்ல? வயசுல எதுவும் வில்லங்கம் வராதே?"

வராது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"என்னைவிட ரெண்டு மாசம் மூத்தவன். மொத வகுப்புலருந்து எனக்குத் தெரியும். ஆபீசுல எவன்கிட்டயும் நான் மூச்சு விட்டதில்ல" என்றார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "அவன் நாற்காலியில ஒக்காந்த அன்னிக்கு, எந்திரிச்சுப் போயி நல்லாருடான்னு சொல்லணும்னு தோணுச்சு. ரெண்டு முழந்தான். போக முடியல."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.